இரண்டாம் பக்கத்தின் எட்டு

போன ஆண்டு ஒரு தவறு செய்தேன். அதைச் சரிசெய்ய நான்கு மாதம் ஆயிற்று. சரிசெய்த பிறகும் மனம் ஆறவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் எனக்குத் தெரிந்த ஓர் அம்மா இருக்கிறார், எழுபதைத் தாண்டியவர். அவருடைய அப்பா தவில் வாசித்தவர். பெரிய பெயர் எடுத்தவர் இல்லை. நாகஸ்வர செட்டுகளில் இரண்டாம் தவிலாகப் போய்வந்தவர். ஒரே ஒரு முறை சென்னைக்குப் போய் ஒரு எல்பி ரெக்கார்டுக்கு வாசித்தார் என்பது அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த செய்தி. அந்தத் தட்டும் வீட்டில் இருந்தது. 2011 டிசம்பர் கடைசியில் தானே புயல் வந்தபோது ஓடு பறந்து, பீரோவின் மேல் இருந்ததெல்லாம் நனைந்தது. அட்டை உறை கூழாகிவிட்டது. யாரோ நல்லெண்ணத்தில் தட்டுகளை மொட்டை மாடியில் வெயிலில் காய வைத்திருக்கிறார்கள். வினைல் வெயிலைத் தாங்காது. பொரித்த அப்பளம் மாதிரி நெளிந்துவிட்டது. நெளிந்த தட்டுகள் மூன்று, லேபிள்களில் பாதி எழுத்து இல்லை. அப்பா வாசித்தது இவற்றில் எது, அல்லது எதுவுமே இல்லையா என்று கேட்டுத்தான் என்னைக் கூப்பிட்டார். புதுச்சேரி காந்தி வீதியின் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பல வருடமாக ரெக்கார்டு பொறுக்குகிறவன் என்று யாரோ சொல்லியிருந்தார்கள்.

இரண்டு தட்டுகள் சினிமாப் பாட்டு. அது லேபிளில் மிச்சமிருந்த எழுத்திலேயே தெரிந்துவிட்டது. மூன்றாவதுதான் நாகஸ்வரம். லேபிளின் கீழ் வளைவில் அந்தச் சொல்லின் கடைசிப் பாதி இருந்தது. வித்வானின் பெயர் இருந்த இடத்தில் வெறும் காகித நார். வலது ஓரத்தில் தட்டின் எண் இருந்தது. முன்னெழுத்துகளில் கடைசி எழுத்து ‘டி’ என்று தெளிவாகத் தெரிந்தது, அதற்கு முன்னால் மங்கலாக ஓர் ‘எஸ்’. பிறகு நான்கு இலக்கங்கள். அந்த நான்காவது இலக்கத்தில்தான் சிக்கினேன்.

ஈரப் பஞ்சு

லேபிளின் மேல் சேறு காய்ந்து படிந்திருந்தது. பஞ்சை லேசாக நனைத்து, பிழிந்து, மெதுவாகத் துடைத்தேன். மூன்று இலக்கங்களும் பளிச்சென்று வந்தன. நான்காவதைத் துடைத்தபோது எண்ணின் இடது பாதி பஞ்சோடு வந்துவிட்டது. வலது பாதியில் மேலே ஒரு வளைவு, கீழே ஒரு வளைவு. மூன்றாகவும் இருக்கலாம், எட்டாகவும் இருக்கலாம்.

இதைச் செய்திருக்கவே கூடாது. ரெக்கார்டு லேபிளைப் பசை தடவி ஒட்டுவதில்லை. அச்சில் சூடான வினைலைப் போட்டு அழுத்தும்போதே மேலும் கீழும் லேபிளை வைத்துச் சேர்த்து அழுத்துகிறார்கள். காகிதத்தின் அடிப்பக்கம் வினைலோடு ஒன்றிவிடுகிறது. அதனால் நனைந்தாலும் லேபிள் முழுதாக உரிந்து வராது. அச்சு ஏறிய மேல்தோல் மட்டும் கரைந்தோ சுரண்டப்பட்டோ போகும், நார் தட்டிலேயே நிற்கும். ஒருமுறை நனைந்து காய்ந்த லேபிளில் அந்த மேல்தோல் ஏற்கெனவே பொருக்காகத்தான் நிற்கும். இப்போதெல்லாம் உலர்ந்த மென்தூரிகையைத் தவிர வேறு எதையும் லேபிள் பக்கம் கொண்டுபோவதில்லை. தூரிகையை எடுப்பதற்கு முன்பே எல்லாக் கோணத்திலும் படம் எடுத்துவிடுகிறேன். அன்றைக்கு ஒரு படம் எடுத்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது.

சரி, மூன்றா எட்டா? சென்னையில் ஒரு நண்பர் இருக்கிறார். அவர் கைக்கு வந்த கர்நாடக இசைத் தட்டுகள் ஒவ்வொன்றின் எண்ணையும் கலைஞர் பெயரையும், உறையின் பின்பக்கத்தில் பக்கவாத்தியம் போட்டிருந்தால் அதையும் நோட்டில் எழுதி வைத்திருப்பவர். போன் போட்டேன். இரண்டு எண்ணுமே அவர் நோட்டில் இருந்தன, இரண்டுமே நாகஸ்வரத் தட்டுகள். அடுத்தடுத்து வெளியிட்ட வரிசையில் ஒரே வகை இசை இப்படிப் பக்கத்தில் பக்கத்தில் வருவது சகஜம். மூன்றில் முடிவது ஒரு வித்வானுடையது, எட்டில் முடிவது வேறொருவருடையது. எட்டில் முடியும் தட்டில்தான் இரண்டாம் தவிலாக அந்த அம்மாவின் அப்பா பெயர் இருந்தது.

தட்டைப் போட்டுக் கேட்க முடியாது. அந்த நெளிவில் முள் ஒரு சுற்றுக்கூட நிற்காது. அந்த வீட்டில் ஒரு கேசட்டும் இருந்தது. டப்பாவின் அட்டையில் பால்பாயிண்ட் பேனாவில் ஒரு நாகஸ்வர வித்வானின் பெயர், கீழே ‘எல்பியிலிருந்து’ என்று எழுதியிருந்தது. மூன்றில் முடியும் தட்டின் வித்வான் பெயர்தான் அது. அந்தக் காலத்தில் கடலூரிலும் புதுச்சேரியிலும் ரெக்கார்டிங் சென்டருக்குத் தட்டைக் கொண்டுபோய் கேசட்டில் பதிந்து வாங்குவார்கள். வீட்டுத் தட்டைத்தான் பதிந்திருப்பார்கள், அதனால் இது மூன்றில் முடியும் தட்டுதான் என்று எனக்குள் ஒரு முடிவு விழுந்துவிட்டது. அதற்கப்புறம் அந்த அரை எண்ணைப் பார்க்கும்போதெல்லாம் கண்ணுக்கு மூன்றாகவே தெரிந்தது.

“அம்மா, இது உங்க அப்பா வாசிச்ச தட்டு இல்லை போலிருக்கு” என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. “அப்படியா தம்பி” என்று தட்டை வாங்கி ஒரு பழைய நாளிதழில் சுற்றி, பழையபடி பீரோவின் மேலேயே வைத்தார். காபி கொடுத்தார். நான் பஸ் ஏறி வந்துவிட்டேன்.

அடைப்புக்குறிக்குள் ஒரு எண்

நான்கு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை. காந்தி வீதியில் பழைய மிக்ஸி ஜாடிகளுக்கு நடுவே ஒரு எல்பி கிடந்தது. இந்தித் தட்டு, எனக்கு வேண்டியதில்லை. லேபிள் மட்டும் அப்போதுதான் அச்சிட்டதுபோல இருந்தது, அதனால் கையில் எடுத்துப் பார்த்தேன். தட்டு எண்ணுக்குக் கீழே, சிறிய எழுத்தில், அடைப்புக்குறிக்குள் இன்னொரு எண். நூறு தட்டில் பார்த்த விஷயம்தான், எனக்குத் தெரியாதது இல்லை. ஆனால் அந்த நிமிஷத்தில்தான் உறைத்தது: மஞ்சக்குப்பத்துத் தட்டில் நான் லேபிளை மட்டும் பார்த்தேன், தட்டைப் பார்க்கவில்லை.

லேபிளில் பெரிதாக இருக்கும் எண் விற்பனைக்கானது. கடைக்காரர் ஆர்டர் போடவும், கேட்லாக்கில் தேடவும் பயன்படுவது. இரண்டு பக்கத்துக்கும் அது ஒன்றேதான். அடைப்புக்குறிக்குள் இருப்பது மேட்ரிக்ஸ் நம்பர், அந்த ஒரு பக்கத்துக்கு மட்டும் உரியது. ஒவ்வொரு பக்கத்தின் பாட்டுப் பள்ளத்தையும் தனித்தனியாக வெட்டுகிறார்கள், அதனால் ஒவ்வொன்றுக்கும் தனி எண். இதே எண் தட்டிலும் இருக்கும்: பாட்டு முடிந்து முள் உள்ளே ஓடிவரும் அந்த வழவழப்பான வளையத்தில், லேபிளுக்கு வெளியே. சேகரிப்பவர்கள் டெட் வாக்ஸ் என்பார்கள். தொழிற்சாலையில் எந்த அச்சுத் தகடு எந்தப் பக்கம் என்று தொழிலாளிக்கு அடையாளம் தெரிய வேண்டும், அதற்காகப் பொறித்தது. காகிதம் நனையும், கிழியும், இராமபாணப் பூச்சி தின்னும். சில சமயம் அச்சில் இரண்டு பக்க லேபிளும் இடம் மாறியே விழுந்திருக்கும். வினைலிலேயே பொறித்த எண்ணுக்கு இந்த ஆபத்துகள் இல்லை.

அடுத்த நாளே கடலூர் பஸ் ஏறினேன். அந்த அம்மாவிடம் “இன்னொரு தடவை பார்க்கணும்மா” என்று மட்டும் சொன்னேன். முதலில் அறையின் விளக்கை அணைத்தேன். செல்போன் டார்ச்சைத் தட்டின் விளிம்புக்குச் சமமாக, கிட்டத்தட்டப் படுக்கவைத்துப் பிடித்துக்கொண்டு தட்டை மெல்லச் சுற்றினேன். நேர் மேலிருந்து வெளிச்சம் அடித்தால் கறுப்பு வினைல் பளபளக்குமே தவிர எழுத்து தெரியாது. பக்கவாட்டில் அடித்தால்தான் பொறிப்பின் ஓரத்தில் நிழல் விழும். முதல் பக்கத்தில் முன்னெழுத்துகளும், ஐந்து மணி நிலையில் எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்கள் 47 என்பதும் தெரிந்தன. மறுபக்கம் 4 தெளிவு, அடுத்தது மறுபடியும் அதே தொல்லை. மூன்றா, எட்டா, ஆறா? டார்ச்சை ஒரு பக்கம் வைத்தால் எட்டு, எதிர்ப்பக்கம் வைத்தால் ஆறு. வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பதைப் பொறுத்துக் குழி மேடாகவும் மேடு குழியாகவும் கண்ணை ஏமாற்றும்.

இங்கே பென்சிலும் மெல்லிய தாளும் உதவும். டிரேஸிங் பேப்பரை அந்த வழவழப்பான வளையத்தின் மேல் மட்டும் வைத்து, ஒரு விரலால் அழுத்திப் பிடித்து, 2பி பென்சிலைச் சாய்த்து மேலோட்டமாகத் தேய்க்க வேண்டும். தாள் பாட்டுப் பள்ளத்துக்குள் போகாதபடி முதலிலேயே சிறு துண்டாக வெட்டிக்கொள்வது நல்லது. பென்சில் தூள் பள்ளத்தில் விழுந்தால் எடுப்பது கஷ்டம். தேய்த்த தாளில் சாம்பல் நிறத்துக்கு நடுவே எழுத்து வெள்ளையாக வந்தால் அது தட்டில் குழிந்திருக்கிறது; கறுப்பாக வந்தால் புடைத்திருக்கிறது. இந்த வித்தியாசமும் ஒரு செய்திதான். முதலில் வெட்டும் மூலத் தட்டான லாக்கரில் எழுதியது கடைசியில் நம் கைத் தட்டில் குழியாக வரும். நடுவில் எடுக்கும் எதிர்மறைத் தகட்டில் எழுதியிருந்தால் புடைப்பாக வரும். மஞ்சக்குப்பத்துத் தட்டில் வெள்ளையாக வந்தது. இரண்டு வட்டமும் மூடிய எட்டு.

எட்டு என்பதை உறுதியாக்கியது பென்சில் மட்டும் இல்லை. ஒரு எல்பியின் இரண்டு பக்கத்துக்கும் பெரும்பாலும் அடுத்தடுத்த எண்களைத்தான் கொடுப்பார்கள். முதல் பக்கம் ஒற்றை, இரண்டாம் பக்கம் இரட்டை. ஒரு பக்கம் 47 என்றால் மறுபக்கம் 48 என்பதுதான் இயல்பு. ஒரு பக்கத்தில் மங்கிய இலக்கத்தை மறுபக்கத்து எண் இப்படிக் காட்டிக்கொடுக்கும். எப்போதும் இப்படி வரும் என்று நம்பிவிடக் கூடாது. வெவ்வேறு காலத்தில் பதிந்த பக்கங்களைச் சேர்த்துப் போட்ட தட்டில் எண்கள் எங்கெங்கோ இருக்கும். ஆனால் பென்சிலும் வரிசையும் ஒரே பதிலைச் சொன்னால் எனக்கு அது போதும். லேபிளில் பக்க எண் அழிந்துபோயிருந்ததால், எது முதல் பக்கம் என்பதையும் இந்த ஒற்றை இரட்டைதான் சொன்னது.

இன்னொன்றையும் சரிபார்த்தேன். கிராமபோன் கம்பெனியின் இந்திய எல்பிகளில் இங்கிலாந்து வரிசை எழுத்துகளுக்கு முன்னால் ஓர் ‘ஈ’ சேரும். அங்கே சி.எல்.பி. என்றால் மோனோ, சி.எஸ்.டி. என்றால் ஸ்டீரியோ, இங்கே ஈ.சி.எல்.பி., ஈ.சி.எஸ்.டி. லேபிளில் மிஞ்சியிருந்த ‘எஸ்’, ‘டி’ இரண்டும் ஸ்டீரியோ வரிசையைக் காட்டின. மேட்ரிக்ஸ் எண்ணின் முன்னெழுத்துகளில் மோனோவுக்கு ‘எக்ஸ்’, ஸ்டீரியோவுக்கு ‘ஒய்’ போடுவது அந்தக் குழுமத்தின் வழக்கம். பொறிப்பில் ‘ஒய்’ இருந்தது. லேபிளும் வினைலும் ஒன்றையே சொன்னதால், நான் படித்தது கீறலை அல்ல, எண்ணைத்தான் என்று நம்பிக்கை வந்தது.

அங்கிருந்தே சென்னை நண்பருக்குப் போன் செய்தேன். “நம்பர் வேண்டாம், மூணுல முடியற தட்டோட லேபிளைப் படம் எடுத்து அனுப்புங்க” என்றேன். கால் மணி நேரத்தில் படம் வந்தது. அடைப்புக்குறிக்குள் இருந்த எண் 31இல் முடிந்தது, மறுபக்கம் 32. நம் தட்டு அதுவாக இருக்க வழியே இல்லை. எட்டில் முடியும் தட்டு அவரிடம் இல்லை. அவருக்குத் தெரிந்த இன்னொருவரிடம் இருந்தது. அந்தப் படத்துக்கு மூன்று நாள் காத்திருந்தோம். அடைப்புக்குறிக்குள் 47. அடுத்த படத்தில் 48. முன்னால் இருந்த இலக்கங்களும் ஒன்றுகூடப் பிசகவில்லை.

கேசட்டின் இரண்டு பற்கள்

என்னை ஏமாற்றிய கேசட்டையும் அன்றே எடுத்துப் பார்த்தேன். முதல் நாளே பார்த்திருக்க வேண்டியது. நாடா தெரியும் பக்கம் கீழே இருக்கும்படி பிடித்தால், மேல் விளிம்பின் இரு ஓரத்திலும் சின்னச் சின்னப் பிளாஸ்டிக் பற்கள் இருக்கும். நம்மைப் பார்க்கும் பக்கத்துக்கு உரியது இடது பல். அதை உடைத்துவிட்டால் அந்தப் பக்கத்தில் மேற்கொண்டு பதிய முடியாது. கம்பெனியில் பதிந்து விற்ற கேசட்டில் இந்த இடம் வெறும் ஓட்டையாகவே வரும். இந்தக் கேசட்டில் இரண்டு பல்லும் உடையாமல் இருந்தன. அதாவது, வெற்றுக் கேசட்டாக வாங்கியது, எத்தனை முறை வேண்டுமானாலும் மேலே மேலே பதிந்திருக்கலாம். அட்டை அட்டைதான். டப்பாவுக்கு டப்பா மாறிப்போவதை எந்த வீட்டில்தான் பார்க்கவில்லை? ஓட்டிப் பார்த்தோம். முதல் பக்கத்தில் ஒரு கல்யாண வீட்டுப் பேச்சுச் சத்தம், மறுபக்கம் பாதி காலி. நாகஸ்வரம் எங்கேயும் இல்லை. அட்டையை மட்டும் நம்பி ஒருவருடைய அப்பாவை அவருடைய தட்டிலிருந்து நீக்கிவிட்டேன் என்பது அந்தச் சத்தத்தைக் கேட்கும்போது வலித்தது.

படங்கள் வந்த பிறகு மறுபடியும் போய், “அம்மா, இதுதான் உங்க அப்பா வாசிச்ச தட்டு. நான்தான் தப்பா சொல்லிட்டேன்” என்றேன். படத்தில் இருந்த உறையின் பின்பக்கத்தைப் பெரிதாக்கி, அப்பாவின் பெயர் இருந்த வரியைக் காட்டினேன். கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு படித்தார். பெயரில் ஓர் எழுத்துப் பிழை இருந்தது. “எப்பவும் இப்படித்தான் போடுவாங்க” என்றார்.

பிறகு அவர் கேட்டதால் தட்டின் நடு ஓட்டையைக் காட்டினேன். ஓட்டையைச் சுற்றி லேபிளில் மெல்லிய கோடுகள் இருக்கும். தட்டைப் பிளேயரில் வைக்கும்போது கம்பி ஓட்டையைத் தேடி உரசிய தடம் அது. ஒரு பக்கத்தை எத்தனை முறை போட்டார்கள் என்று தோராயமாகச் சொல்லும். முதல் பக்கத்தில் நான்கைந்து கோடுகள்தான். இரண்டாம் பக்கத்தில் கோட்டின் மேல் கோடு விழுந்து, ஓட்டையைச் சுற்றிக் காகிதமே வெளுத்திருந்தது. “தவில் தனி அந்தப் பக்கத்துலதான் வருது. சாயங்காலம் யாராவது வந்தா அப்பா அதைத்தான் போடச் சொல்லுவார்” என்றார் அவர்.

தேய்த்த தாளை அவர் வாங்கிப் பார்த்துக்கொண்டே இருந்தார். “இந்த 48க்கு அப்புறம் ஒரு கோடு போட்டு 2ன்னு இருக்கே, இது என்ன தம்பி?” முதல் பக்கத்தில் 47க்குப் பின்னால் 1 இருந்தது, இதில் 2. அது எத்தனையாவது வெட்டு என்பதைக் குறிக்கும் எண் என்றேன்.

“அப்போ அப்பா ரெண்டு தடவை வாசிச்சாரா?”

ஆம் என்று சொல்ல ஆசையாக இருந்தது. ஆனால் எல்பி காலத்தில் முதலில் நாடாவில் பதிந்து, பிறகு நாடாவிலிருந்து தட்டை வெட்டினார்கள். சத்தம் கூடிப்போனாலோ, லாக்கர் பழுதானாலோ, அதே நாடாவிலிருந்து மறுபடி வெட்டுவார்கள். அந்த 2 பெரும்பாலும் வெட்டியவரின் இரண்டாம் முயற்சிதான், வாசித்தவருடையது என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. இதையும் அப்படியே சொன்னேன். ஒருமுறை தப்பாகச் சொன்ன வாயால் இன்னொரு முறை ஊகத்தைச் சொல்ல மனம் வரவில்லை.

“சரி” என்றார். தேய்த்த தாளை மடித்துத் தட்டோடு சேர்த்து, நான் கொண்டுபோயிருந்த புது உறைக்குள் வைத்தார். உறையின் மேல் என்ன எழுதட்டும் என்று கேட்டேன். இரண்டு எண்ணையும் எழுதச் சொன்னார். பென்சிலில் எழுதினேன். கீழே அப்பாவின் பெயரை அவரே எழுதினார், அந்த எழுத்துப் பிழை இல்லாமல்.